ந்யஷீத³த்: வினைமுற்றிலிருந்து தாதுவுக்கு

சமஸ்கிருதக் காவியம் ஒன்றை அகராதியின் துணையோடு தாமாகவே படிக்கத் தொடங்குகிறவர் தடுக்கி நிற்கும் இடம் பெரும்பாலும் வினைச்சொல்தான். 'ராமேண' என்ற சொல்லைத் தேட வேண்டுமானால் 'ராம' என்ற இடத்துக்குப் போனால் போதும். வேற்றுமை உருபு சொல்லின் கடைசியில் வேலை செய்கிறது. முதல் எழுத்துகள் அகராதிக்கு வழிகாட்டிவிடுகின்றன. வினையில் இந்த வசதி இல்லை. சொல்லின் முன்னால் உபசர்க்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் தாதுவுக்கும் நடுவில் இறந்தகாலத்து அகரம் நுழையும். தாதுவின் முதல் மெய் இரட்டிக்கும், உள்ளிருக்கும் உயிர் மாறும். சில தாதுக்கள் அடையாளமே தெரியாத வேறொரு வடிவத்தைப் பூண்டு வரும். அகராதியோ வினையைத் தாது வடிவில்தான் தலைச்சொல்லாக வைத்திருக்கிறது.

படிக்கிறவர் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு: வினையின் தாது எது, அது எந்தக் கணத்தைச் சேர்ந்தது. பாணினி மரபின் தாதுபாடம் ஏறத்தாழ 2000 தாதுக்களைப் பத்துக் கணங்களாக அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு கணமும் தன் முதல் தாதுவின் பெயரால் வழங்கும். அகராதிகள் பெயருக்குப் பதிலாக 1 முதல் 10 வரை எண் இடுகின்றன. தாதுவையும் கணத்தையும் ஒரே மூச்சில் கேட்டுப் பழகிவிட்டதால், இரண்டும் ஒரே விதமாகக் கிடைக்கும் என்று மாணவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அப்படிக் கிடைப்பதில்லை. தாது எல்லா வினைவடிவத்திலும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. கணமோ நான்கு லகாரங்களில் மட்டுமே தெரியும்: நிகழ்காலமான லட், அகரம் முன்வரும் இறந்தகாலமான லங், ஏவலான லோட், 'செய்ய வேண்டும், செய்யலாம்' என்ற பொருளில் வரும் விதிலிங். இவற்றோடு நிகழ்கால எச்சத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். காரணம் எளிது. கணத்தின் அடையாளம், தாதுவுக்கும் விகுதிக்கும் நடுவில் வரும் விகரணம் என்ற இடைநிலை. அந்த விகரணம் இந்த வடிவங்களில்தான் வருகிறது. எதிர்காலத்திலும், லிட், லுங் என்ற மற்ற இரண்டு இறந்தகாலங்களிலும், இறந்தகால எச்சங்களிலும் அதற்கு இடமில்லை. செயப்பாட்டு வினையில் அதன் இடத்தை 'ய' பிடித்துக்கொள்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த எண் முற்றிலும் புதிதன்று. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டியவர்கள், 'செய்-தல்' என்பதற்குப் பக்கத்தில் 1 என்றும் 'நட-த்தல்' என்பதற்குப் பக்கத்தில் 12 என்றும் எண் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். 'செய்தான்', 'நடந்தான்' எனக் காலம் காட்டும் முறையை அந்த எண் சொல்கிறது. சமஸ்கிருதத்தின் கண எண்ணும் திரிபு முறையைத்தான் சொல்கிறது; ஆனால் அதன் ஆட்சி நிகழ்காலத்தையும் அதைச் சார்ந்த வடிவங்களையும் தாண்டுவதில்லை.

வேலையில் இறங்குமுன் எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் 'த' என்ற ஒரே வடிவம் வடமொழியின் நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. அகராதியில் அந்த நான்கும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. ஆகவே தமிழ் எழுத்தில் அச்சிட்ட சுலோகத்திலிருந்து நேரே அகராதிக்குப் போனால், வேறொரு தாதுவைப் பிடித்துக்கொண்டு வர நேரும். தோத்திர நூல்களில் எழுத்தின் மேல் 2, 3, 4 என்று எண் இடும் வழக்கம் இதற்காகவே வந்தது. அந்த வழக்கத்தையே இங்கும், உதாரணச் சொற்களில் மட்டும், கையாள்கிறேன். உங்களிடம் உள்ள நூலில் எண் இல்லையென்றால், தேவநாகரியிலோ கிரந்தத்திலோ உள்ள பதிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொள்வது முதல் வேலை.

இதிகாசங்களில் 'உட்கார்ந்தான்' என்ற பொருளில் வரும் 'ந்யஷீத³த்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இந்த ஒரு சொல்லில் ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

முதலில் சொல்லின் கடைசி எழுத்தை அடுத்த சொல்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அச்சில் நாம் காண்பது புணர்ச்சிக்குப் பிந்திய வடிவம். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இறுதித் 'த்' குரலொலியாகி 'ந்யஷீத³த்³' என்று நிற்கும். அடுத்த சொல் 'ந' அல்லது 'ம' என்று தொடங்கினால் 'ந்யஷீத³ன்' என்று மாறிவிடும். இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. 'ந்யஷீத³ன்' என்பது 'உட்கார்ந்தார்கள்' என்ற பன்மையின் இயல்பான வடிவமும்கூட. இரண்டில் எது என்பதை அந்தச் சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுவாய் ஒருமையா பன்மையா என்று பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

இனி உரிக்கலாம். கடைசியில் நிற்கும் 'த்' படர்க்கை ஒருமை விகுதி. நிகழ்காலமாக இருந்தால் 'தி' என்று வந்திருக்கும். வெறும் 'த்' இறந்தகாலத்தையோ விதிலிங்கையோ காட்டும். சொல்லின் தொடக்கத்தில் 'ந்ய' இருக்கிறது. இப்படித் தொடங்கும் தாதுவைத் தேடிப் பயனில்லை. 'நி' என்ற உபசர்க்கத்தின் இகரம் அடுத்து வந்த உயிரின் முன் 'ய்' ஆகியிருக்கிறது என்று கொள்வதே முறை. ஆக, நி + அஷீத³த். விகுதி இறந்தகாலத்துக்குப் பொருந்துவதால், நடுவில் உள்ள அகரம் லங் முதலான லகாரங்களில் தாதுவின் முன் வரும் ஆகமம். அது உபசர்க்கத்துக்கு வெளியே வருவதில்லை; எப்போதும் உபசர்க்கத்துக்கும் தாதுவுக்கும் நடுவில்தான் வரும். இதை மறந்தவர்கள் 'ந்ய' என்பதை ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு அகராதியில் பல பக்கங்களை வீணே புரட்டுகிறார்கள்.

மிச்சம் 'ஷீத³த்'. அகராதியில் 'ஷ' வரிசைக்குப் போனால் அங்கே தாதுக்கள் அநேகமாக இல்லை என்பது தெரியும். சொல்லின் முதலில் நிற்க வேண்டிய 'ஸ', முன்னே வந்த இகரத்தின் தாக்கத்தால் 'ஷ' ஆகியிருக்கிறது. ஆனால் இகரத்துக்கும் 'ஸ'வுக்கும் நடுவில்தான் அகர ஆகமம் நிற்கிறதே என்று கேட்கலாம். பாணினி இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கிறார். அகரம் நடுவில் வந்தாலும் இந்த மாற்றம் நடக்கும் என்பது அஷ்டாத்யாயியின் 8.3.63ஆம் சூத்திரம். அதைத் தொடரும் 8.3.66, நாம் தேடும் இந்தத் தாதுவையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 'ப்ரதி' என்ற உபசர்க்கத்துக்குப் பின் மட்டும் மாற்றம் இல்லை என்கிறது. ஆகவே 'ஷ'வைத் திருப்பி 'ஸ' ஆக்கினால் 'ஸீத³த்' கிடைக்கிறது.

இப்போது 'த்' நீங்கினால் 'ஸீத³'. கடைசி அகரம் விகரணம் என்று கழித்தால் 'ஸீத்³'. இப்படி ஒரு தாது அகராதியில் கிடையாது. உயிரைக் குறுக்கி 'ஸித்³' என்று தேடலாம் என்று தோன்றும். ஆனால் இகரம் குணம் பெற்றால் ஏகாரம் ஆகுமே தவிர ஈகாரம் ஆகாது. அதனால் அந்த வழி அடைபடுகிறது. இங்கே ஊகத்தால் மேலே போக முடியாது. ஒரு பட்டியல் தெரிந்திருக்க வேண்டும். அஷ்டாத்யாயி 7.3.78 பதினொரு தாதுக்களைச் சொல்லி, விகரணம் வரும்போது அவை பூணும் மாற்று வடிவங்களை வரிசையாகத் தருகிறது. 'பா' என்ற தாது 'பிப³' ஆகிறது, 'ஸ்தா²' 'திஷ்ட²' ஆகிறது, 'த்³ருஶ்' 'பஶ்ய' ஆகிறது. கடைசியில் 'ஸத்³' 'ஸீத³' ஆகிறது. இந்தப் பதினொன்றையும் மனப்பாடம் செய்வதற்கு அரை நாள் போதும். அடிக்கடி கண்ணில் படும் 'குடிக்கிறான்', 'நிற்கிறான்', 'பார்க்கிறான்', 'உட்காருகிறான்' எல்லாம் அதில் அடங்கிவிடுவதால், மனப்பாடத்தை வெறுப்பவர்களுக்கும் இந்த ஒன்றை நான் விடாமல் பரிந்துரைப்பேன்.

ஒப்பியல் மொழியியலாளர்கள் இந்த விசித்திர வடிவத்துக்கு வேறு விளக்கம் தருகிறார்கள். 'ஸத்³' முன்பு இரட்டித்து 'ஸி-ஸ்த்³-அ' என்று நின்றது. நடுவில் இருந்த 'ஸ்' தேய்ந்து, அதற்கு ஈடாக இகரம் நீண்டது. இலத்தீனில் 'ஸீதோ³' என்ற வினை இதே வழியில் வந்தது. கூட்டைக் குறிக்கும் 'நீட³' என்ற சொல்லும் 'நி' என்பதோடு இதே தாது சேர்ந்து பிறந்தது, பறவை அமரும் இடம் என்ற பொருளில்.

தாது கிடைத்துவிட்டது: ஸத்³. கணம் எது? பொதுவாக அகரத்தை விகரணமாகக் கொண்ட கணங்கள் இரண்டு, 1உம் 6உம். முதல் கணத்தில் தாதுவின் உயிர் குணம் பெறும்: 'பு³த்⁴' என்பது 'போ³த⁴தி' ஆகும். ஆறாம் கணத்தில் உயிர் அப்படியே நிற்கும்: 'துத்³' என்பது 'துத³தி' ஆகும். இந்தச் சோதனை நம் சொல்லில் பலிக்காது. 'ஸீத³' ஒரேயடியாக வந்த மாற்று வடிவம். அதில் குணம் உண்டா இல்லையா என்று கேட்க வழியில்லை. அகராதியைத் திறந்தால் மோனியர் வில்லியம்ஸ் '1 அல்லது 6' என்று போடுகிறார். அது தயக்கம் அல்ல. தாதுபாடமே 'ஸத்³' என்பதை இரண்டு கணங்களிலும் ஓதுகிறது.

ஒரே வடிவத்தைத் தரும் தாதுவை ஏன் இருமுறை ஓத வேண்டும்? சித்தாந்த கௌமுதி இதற்குப் பதில் சொல்கிறது. நிகழ்கால எச்சத்தின் பெண்பாலில் வேறுபாடு தெரியும். முதல் கணமாக இருந்தால் 'ஸீத³ந்தீ' என்ற ஒரே வடிவம்தான் சரி. ஆறாம் கணத்தில் நகரம் இல்லாத 'ஸீத³தீ' என்பதும் சரி. வேதத்தில் ஒலியழுத்தம் விழும் இடமும் மாறும். வினைமுற்றின் எழுத்து வடிவத்தில் வேறுபாடு இல்லை. 'ந்யஷீத³த்' என்ற வடிவத்தை வைத்துக்கொண்டு கணத்தைத் தீர்மானிக்க எவராலும் முடியாது. பொருளும் அதனால் மாறப்போவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் தேடலை நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். கணம் தெரியாததால் தாதுவே தவறோ என்று ஐயப்பட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாது சரியா என்று பார்க்க நல்ல வழி வேறு இருக்கிறது. கிடைத்த தாதுவிலிருந்து முன்னோக்கி நடந்து, ஸத்³, ஸீத³, ஸீத³த், அஸீத³த், நி + அஸீத³த், ந்யஷீத³த் என்று ஒவ்வொரு படியையும் விதியோடு கட்டிப் பார்ப்பது. ஒரு படியாவது விதியில்லாமல் தாவினால் உரித்தது தவறு.

அகராதியில் எங்கே பார்ப்பது என்பதும் அகராதிக்கு அகராதி மாறும். 1899இல் விரிவாக்கிய பதிப்பாக வந்த மோனியர் வில்லியம்ஸ், உபசர்க்கத்தோடு கூடிய வினைகளை அவற்றின் அகரவரிசை இடத்திலேயே வைக்கிறது. 'நிஷத்³' என்று தேட வேண்டும், அதுவும் 'ஷ'வோடு. 'ஸத்³' என்ற இடத்தில் தனித் தாதுவின் பொருள்தான் கிடைக்கும். பொயெத்லிங்கும் ரோத்தும் 1855 முதல் 1875 வரை வெளியிட்ட பீட்டர்ஸ்பர்க் அகராதியில் எல்லா உபசர்க்கங்களும் தாதுவின் கீழேயே வரிசையாக வரும். அதில் இன்னொரு பழக்கமும் உண்டு: 'க்ரு' என்ற தாது குணம் பெற்ற 'கர்' என்ற வடிவில் இருக்கும். தாதுபாடத்தைக் கையில் வைத்துக்கொள்கிறவர்கள் அங்கே 'ஸத்³' 'ஷத்³' என்றும், 'நீ' 'ணீ' என்றும் தொடங்குவதைக் காண்பார்கள். அது பாணினியின் குறியீடு. எந்தத் தாதுவின் 'ஸ' அல்லது 'ந' உபசர்க்கத்துக்குப் பின் மாறக்கூடியது என்பதை அது முன்கூட்டிச் சொல்கிறது. அகராதிகள் இவற்றை 'ஸ', 'ந' வரிசையிலேயே வைக்கின்றன.

இதே தாதுவின் வேறு மூன்று வடிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணத்தின் எல்லை தெளிவாகும். முதலாவது, 'ந்யஷத³த்'. இதிலும் அகர ஆகமம் உண்டு, 'த்' விகுதி உண்டு, அதன் முன் ஓர் அகரமும் உண்டு. 'நிஷத³தி' என்றொரு நிகழ்காலம் இருக்கும், தாது 1 அல்லது 6 என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் இது லங் அல்ல, லுங். இங்குள்ள அகரம் விகரணம் அல்ல; லுங்கில் சில தாதுக்களுக்கு வரும் வேறொரு இடைநிலை. 'க³ம்' என்ற தாதுவின் 'அக³மத்' இதே அச்சு; அதன் லங் 'அக³ச்ச²த்'. அகரம் முன்வரும் இறந்தகாலம் ஒன்றைக் கண்டதும், அதற்கு இணையான நிகழ்காலம் அகராதியில் உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது லுங். கணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இரண்டாவது, 'உட்கார்ந்தார்கள்' என்ற பொருளுடைய 'நிஷேது³:'. கடைசியில் உள்ள 'உ:' லிட் என்ற இறந்தகாலத்தின் படர்க்கைப் பன்மை. லிட்டில் தாது இரட்டிக்க வேண்டும். 'நிஷஸாத³' என்ற ஒருமையில் அது தெரிகிறது. பன்மையிலோ இரட்டித்தது மறைந்து நடுவில் ஓர் ஏகாரம் மட்டும் நிற்கிறது. இரண்டு தனி மெய்களுக்கு நடுவில் அகரம் உள்ள தாதுக்கள் பலவற்றுக்கு இதுவே வழக்கம். அந்த ஏகாரத்தை எடுத்து அகரத்தைப் போட்டால் 'ஸத்³' வெளிப்படும். மூன்றாவது, 'உட்கார்ந்த' என்ற பொருளில் வரும் 'நிஷண்ண'. இறந்தகால எச்சத்தின் 'த' இங்கே 'ந' ஆகி, தாதுவின் 'த்³' அதோடு ஒன்றி, முன்னுள்ள 'ஷ'வால் இரண்டும் 'ண்' ஆகியிருக்கின்றன. இவற்றில் தாதுவைக் கண்டுபிடிக்க உழைத்தால் போதும். கணத்தை அகராதி தன் பங்குக்குச் சொல்லும். நாம் சொல்லிக்கொண்டு போக வேண்டியதில்லை.

தாது உண்மையானதா என்று சரிபார்க்க 1885இல் விட்னி வெளியிட்ட தாதுக்கள், வினைவடிவங்கள் பற்றிய நூல் இன்றும் பயன்படுகிறது. நூல்களில் உண்மையில் வந்துள்ள வடிவங்களை அவர் தாதுவாரியாகத் தொகுத்து, எந்தக் காலத்து நூலில் வருகின்றன என்றும் குறித்திருக்கிறார். தாதுபாடத்தின் தாதுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இலக்கியத்தில் காணப்படவில்லை என்பது அவர் வாதம். நீங்கள் உரித்தெடுத்த தாது அந்த நூலில் இல்லையென்றால், அரிய தாதுவைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுவதைவிட, உரித்த முறையை மறுபடி சோதிப்பது நல்லது.

அப்படியானால் கணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்றால், 'வித்³' என்ற தாது வேறு கதை சொல்லும். ஒலியில் ஒன்றாக உள்ள நான்கு தாதுக்களைத் தாதுபாடம் கணத்தாலேயே பிரிக்கிறது. இரண்டாம் கணத்தில் 'வேத்தி', அறிகிறான். நான்காம் கணத்தில் 'வித்³யதே', இருக்கிறது. ஆறாம் கணத்தில் 'விந்த³தி', அடைகிறான். ஏழாம் கணத்தில் 'விந்த்தே', ஆராய்கிறான். இங்கே கண எண்தான் பொருள். விதிலிங்கில் 'வித்³யாத்' என்று கண்டால் 'அறிய வேண்டும்', 'விந்தே³த்' என்று கண்டால் 'அடைய வேண்டும்'. விகரணம் வரும் லகாரமாதலால் ஐயத்துக்கு இடமில்லை.

ஐயம் எழுவது 'வித்³யதே' என்ற வடிவத்தில்தான். 'ய' நான்காம் கணத்தின் விகரணம், செயப்பாட்டு வினையின் அடையாளமும் அதுவே. 'இருக்கிறது' என்று பொருள் கொண்டால் மரபுப்படி அது நான்காம் கணம். 'அறியப்படுகிறது' என்றும் அதே வடிவம் வரும். அப்போது அது இரண்டாம் கணத் தாதுவின் செயப்பாட்டு வினை. இதைவிட நுட்பமான இணை 'ம்ரியதே', 'க்ரியதே'. பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. 'க்ரியதே' என்பது 'செய்யப்படுகிறது' என்ற செயப்பாட்டு வினை. 'ம்ரியதே' என்பது 'சாகிறான்' என்ற ஆறாம் கணத்துச் செய்வினை. சொல்லின் வடிவம் இவற்றைப் பிரித்துக் காட்டாது. வாக்கியத்தில் செய்தவன் மூன்றாம் வேற்றுமையில் நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். நின்றால் செயப்பாட்டு வினை என்று துணியலாம். அப்படி யாரும் வாக்கியத்தில் இல்லையென்றால் அகராதியின் பதிவே முடிவு சொல்லும்.

அந்தப் பதிவுகளும் ஒன்றுபோல் இல்லை. மோனியர் வில்லியம்ஸில் 'வித்³' 4 என்று தேடுகிறவர் 'இருக்கிறது' என்ற பொருளைத் தனித் தாதுவாகக் காண மாட்டார். அவர் அதை 'அடைகிறான்' என்ற ஆறாம் கணத் தாதுவின் செயப்பாட்டு வினையாக, 'காணப்படுகிறது, ஆகவே உள்ளது' என்ற முறையில், அந்தப் பதிவின் உள்ளே வைத்திருக்கிறார். 'விவேத³' என்ற லிட் வடிவத்துக்கு எந்த எண்ணும் உதவாது. அது 'அறிந்தான்' என்றும் ஆகும், 'அடைந்தான்' என்றும் ஆகும். அகராதியில் இரண்டு பதிவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு, வாக்கியத்தின் செயப்படுபொருள் அறியக்கூடியதா அடையக்கூடியதா என்று பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.